8 வாரம் என்றால், எந்த நாளிலிருந்து 8 வாரம்?

கேள்வி: சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு ஸ்டாக் மற்றும் கணக்கு மென்பொருள் நிறுவிக் கொடுக்கும் நிறுவனத்தில் டெலிவரி பிரிவுக்கு நான் பொறுப்பு. மொத்தம் 22 பேர். வேலையை முடித்துக் கொடுக்க இரண்டு டீம் இருக்கிறது. சேல்ஸ்காரர்கள் எல்லா வாடிக்கையாளரிடமும் 8 வாரம் என்று சொல்லி ஆர்டர் வாங்கிவிடுகிறார்கள். ஒன்றுகூட 8 வாரத்தில் முடிந்ததில்லை. திட்டு வாங்குவது நாங்கள்தான். போன வருடம் உரிமையாளர் ஒரு விதி போட்டார்: என் கையெழுத்து இல்லாமல் எந்த ப்ரொபோசலும் வெளியே போகக் கூடாது. இப்போது சேல்ஸ் தலைவர் 'உங்களால் ஆர்டர் கைவிட்டுப் போகிறது' என்கிறார். நான் பதில் சொல்ல ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது என்பதும், பாதுகாப்புக்காக எல்லாவற்றுக்கும் 20 வாரம் என்று போடுகிறேன் என்பதும் உண்மைதான். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது. கடைசி 12 புராஜெக்ட்டின் தேதிகளை இணைத்திருக்கிறேன். இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்:

நீங்கள் அனுப்பிய தேதிப் பட்டியலில்தான் விடையே இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து மென்பொருள் ஓடத் தொடங்கிய நாள் வரை உங்கள் 12 புராஜெக்ட்டும் எடுத்துக்கொண்ட வாரங்களை வரிசைப்படுத்தினால் 9, 10, 11, 11, 12, 13, 13, 14, 15, 17, 19, 24 என்று வருகிறது. சராசரி 14 வாரம். இந்த ஒரு எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு, சேல்ஸ் பொய் சொல்கிறது, இல்லாவிட்டால் டெலிவரி மந்தமாக இருக்கிறது என்றுதான் தோன்றும். உங்கள் அலுவலகத்தில் இத்தனை நாளாக நடக்கும் சண்டையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் பட்டியலில் இன்னும் இரண்டு விவரம் இருக்கிறது: டீம் உண்மையில் வேலையைத் தொடங்கிய நாள், வாடிக்கையாளரிடமிருந்து எதற்காவது காத்திருந்த நாட்கள். அவற்றைத் தனியே பிரித்துப் பார்த்தேன். கையெழுத்துக்கும் வேலை தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக 3 வாரம் போயிருக்கிறது. வாடிக்கையாளர் ஐட்டம் மாஸ்டர் எனும் பொருள் பட்டியலையும், தொடக்கக் கையிருப்பான ஓப்பனிங் ஸ்டாக்கையும் தருவதற்காகக் காத்திருந்தது இரண்டரை வாரம். மீதி எட்டரை வாரம்தான் உங்கள் டீம் உட்கார்ந்து வேலை பார்த்த காலம். அதிலும் 12-ல் 10 புராஜெக்ட் 9 வாரத்துக்குள் முடிந்திருக்கிறது. மற்ற இரண்டும் 10 வாரம்.

அதாவது 8 வாரம் என்பது கற்பனை எண் அல்ல. அநேகமாக உங்கள் பிரிவிலிருந்தேதான் அது எப்போதோ கிளம்பியிருக்கும். யாரோ ஒரு சேல்ஸ்காரர் 'இது எத்தனை நாள் வேலை?' என்று கேட்டிருப்பார். உங்கள் ஆள் '8 வாரம் ஆகும்' என்றிருப்பார். அவர் சொன்னது வேலையின் அளவை. சேல்ஸ்காரர் அதைக் காலண்டர் தேதியாக எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் சொன்னார். வாடிக்கையாளரோ கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து எண்ணத் தொடங்கினார். மூன்று பேருமே நியாயமாக நடந்துகொண்டும் ஐந்தரை வாரம் காணாமல் போய்விட்டது. யாருடைய கணக்கிலும் அந்த ஐந்தரை வாரம் இல்லாததால்தான் ஒவ்வொரு புராஜெக்ட்டும் பிறக்கும்போதே தாமதமாகப் பிறக்கிறது.

உரிமையாளர் போட்ட கையெழுத்து விதி இதைத் தொடவே இல்லை. 8 என்று சொல்லும் ஒருவருக்கு மேலே, 20 என்று சொல்லும் ஒருவரை உட்கார வைத்தது, அவ்வளவுதான். உங்கள் மீது குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் 20 என்றுதான் போடுவார்கள். தேதி தவறினால் திட்டு உங்களுக்கு, ஆர்டர் போனால் நஷ்டம் சேல்ஸுக்கு என்று பொறுப்பு பிரிந்திருக்கும்போது, எண்ணைக் கூட்டிப் போடுவதில் உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை. அதேபோல எண்ணைக் குறைத்துச் சொல்வதில் அவர்களுக்கும் செலவு இல்லை. இந்த அமைப்பு அப்படியே இருக்கும்வரை நல்லெண்ணக் கூட்டம் எத்தனை போட்டாலும் பயன் இருக்காது.

ஆகவே எண்ணை யாருடைய அபிப்பிராயமாகவும் விடாமல், நடந்து முடிந்த புராஜெக்ட்டுகளிலிருந்து எடுங்கள். மனிதர்கள் ஒரு வேலைக்கு நாள் குறிக்கும்போது அந்த வேலையின் படிகளை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். இதே மாதிரி வேலைகள் முன்பு எத்தனை நாள் ஆயின என்று பார்ப்பதில்லை. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1970-களிலேயே இதை விளக்கி எழுதினார்கள். அவர்கள் சொன்ன மாற்று எளிமையானது: முதலில் இதே வகை வேலைகளின் பழைய கணக்கைப் பார், அதற்குப் பிறகு இந்த வேலையில் என்ன விசேஷம் என்று பார். 12 புராஜெக்ட் என்பது சிறிய கணக்குதான். ஆனாலும் அறைக்குள் இருப்பவர்களின் நம்பிக்கையையும் பயத்தையும் விட மேலானது. இன்னொரு லாபமும் உண்டு. விடுப்பு, பழைய வாடிக்கையாளரின் அவசர அழைப்பு, மீட்டிங் எல்லாம் ஏற்கெனவே அந்த வாரங்களுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டி யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

இனி சேல்ஸ் வாடிக்கையாளரிடம் சொல்லும் வாக்கு ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. மூன்று துண்டாக இருக்க வேண்டும். எந்தத் தேதியில் வேலை தொடங்கும், தொடங்கியதிலிருந்து எங்கள் வேலை 9 வாரம், உங்கள் பக்க வேலைக்கு 2 வாரம் வைத்திருக்கிறோம். அதாவது தொடங்கியதிலிருந்து 11 வாரம். 9 என்று நான் சொல்வது 12-ல் 10 முறை நீங்கள் செய்து காட்டிய எண் என்பதால். 10 என்று போட்டால் 12-ம் உள்ளே வந்திருக்கும், ஆனால் அடுத்த முறை ஒரு வாரம் தேவையில்லாமல் விற்காமல் விட்டதாக ஆகும். ஆறு வேலைக்கு ஒன்று ஒரு வாரம் தாமதமாவது தாங்கக்கூடிய அளவு என்பது என் கருத்து. உங்கள் உரிமையாளர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவர் எடுக்க வேண்டிய வியாபார முடிவு, உங்களுடையது அல்ல.

இதில் கடினமானது முதல் துண்டு, தொடங்கும் தேதி. அதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

உற்பத்தித் துறையில் 'அவைலபிள் டு ப்ராமிஸ்' என்று ஒரு கணக்கு உண்டு. கையில் இருக்கும் ஸ்டாக், வரப்போகும் உற்பத்தி, ஏற்கெனவே மற்றவர்களுக்கு ஒப்புக்கொண்ட அளவு மூன்றையும் கழித்துக் கூட்டி, இந்த வாடிக்கையாளருக்கு எந்த நாளில் எவ்வளவு தருகிறேன் என்று சொல்ல முடியும் எனக் காட்டும் கணக்கு. நீங்கள் தொழிற்சாலைகளுக்கு நிறுவும் மென்பொருளில் இதற்கு ஒரு திரையே இருக்கக்கூடும். (தொழிற்சாலைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடத்தை நம் அலுவலகத்தில் நடத்தாமல் இருப்பது எல்லா சேவை நிறுவனங்களிலும் பார்க்கிற வேடிக்கை.) உங்கள் ஸ்டாக் இரண்டு டீமின் வாரங்கள். அதற்கும் அதே கணக்கைப் போட வேண்டும்.

ஒரு எக்செல் தாள் போதும். டீம் ஒன்றுக்கு ஒரு வரிசை. இப்போதைய புராஜெக்ட் முடியும் வாரம், அதற்குப் பிறகு வாடிக்கையாளரின் கூடவே இருக்க வேண்டிய வாரங்கள், அடுத்த தொடக்கம் எந்த வாரம், அந்தத் தொடக்கம் யாருக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, எந்தத் தேதி வரை. இதை சேல்ஸும் நீங்களும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளரின் கூடவே இருக்க வேண்டிய வாரங்கள் என்ற இரண்டாவது விவரத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். உங்கள் கணக்கில் கையெழுத்துக்கும் தொடக்கத்துக்கும் நடுவே 3 வாரம் ஏன் போகிறது என்று பாருங்கள். மென்பொருள் ஓடத் தொடங்கிய அன்றே டீம் விடுதலை ஆகிவிடும் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். ஆனால் முதல் இரண்டு வாரம் பில் சரியாக வரவில்லை, ஸ்டாக் மைனஸில் போகிறது என்று அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கும். பாதி டீம் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். அந்த 2 வாரத்தைத் தாளில் எழுதிவிட்டால் அது தாமதம் இல்லை, திட்டம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். இன்று முதல் வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட இருக்கும் காலத்தையும் சேர்த்து, முதல் டீம் 5ஆம் வாரம் தொடங்கலாம், இரண்டாம் டீம் 9ஆம் வாரம் தொடங்கலாம். சேல்ஸ் கையில் மூன்று வாய்ப்புகள். மூன்றும் கிடைக்க பாதிக்குப் பாதி சாத்தியம் என்கிறார்கள்.

சேல்ஸ் வழக்கமாக என்ன செய்யும்? மூன்றில் ஒன்றரைதானே வரும் என்று, மூன்று பேருக்குமே '5ஆம் வாரம் தொடங்குவோம்' என்று சொல்லும். ஆனால் ஒன்றரை ஆர்டர் என்று எதுவும் வருவதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வாய்ப்புகளும் பாதிக்குப் பாதி என்றால், இரண்டோ மூன்றோ ஆர்டர் ஆகும் சாத்தியம் சரியாகப் பாதி. அதாவது இரண்டு தடவைக்கு ஒரு தடவை, 5ஆம் வாரத்தை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு விற்றிருப்பார்கள். எட்டில் ஒரு தடவை மூன்று பேருக்கும். இது துரதிர்ஷ்டம் இல்லை. நாணயத்தைச் சுண்டினாலே வரும் கணக்கு.

அதற்குப் பதில் தொடக்கத் தேதியை ஒரு பொருளைப் போல நடத்துங்கள். மூன்று பேரின் ப்ரொபோசலிலும் உண்மையை எழுதலாம்: 'அடுத்த தொடக்கம் 5ஆம் வாரம் திங்கள். அதற்கடுத்தது 9ஆம் வாரம். கையெழுத்தாகி முன்பணம் வரும் வரிசையில் ஒதுக்குவோம்.' முதலில் கையெழுத்துப் போடுபவருக்கு 5ஆம் வாரம் தொடங்கி, 11 வாரம் கழித்து 16ஆம் வாரம் திங்களன்று மென்பொருள் ஓடும். இரண்டாமவருக்கு 20ஆம் வாரம். மூன்றாமவர் முதல் டீம் திரும்பி வரக் காத்திருக்க வேண்டும். 16ஆம் வாரத்தோடு இரண்டு வாரம் சேர்த்து, 18ஆம் வாரம் தொடக்கம். யாராவது 'எனக்காக 5ஆம் வாரத்தைப் பிடித்து வையுங்கள், எங்கள் இயக்குநர் ஒப்புதல் கொடுக்க வேண்டும்' என்று கேட்டால் 10 வேலை நாள் பிடித்து வைக்கலாம். பதினோராம் நாள் அது தானாக விடுபட்டுவிட வேண்டும். எந்த சேல்ஸ்காரரும் மற்றவரிடம் கெஞ்சி அதை நீட்டிக்கக் கூடாது.

சேல்ஸ் தலைவருக்கு இந்த இடத்தை அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் இது அவருக்குத்தான் அதிக லாபம். 'இந்த மாதத்துக்குள் முடித்தால் சிறப்புத் தள்ளுபடி' என்று அவர் வழக்கமாகக் காட்டும் அவசரத்தை வாடிக்கையாளர் நம்புவதில்லை. '20-ஆம் தேதிக்குள் கையெழுத்தானால் 5ஆம் வாரம், இல்லையென்றால் 9ஆம் வாரம்' என்பது உண்மையான அவசரம். தாளைத் திறந்தே காட்டலாம். விலையைக் குறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

தாளில் உங்கள் பங்குக்கும் ஒரு கசப்பு இருக்கிறது. அது 'இப்போதைய புராஜெக்ட் முடியும் வாரம்' என்ற கட்டம். டெலிவரிக்காரர்கள் நழுவலைக் கடைசி வாரம் வரை சொல்ல மாட்டார்கள். 'பிடித்துவிடலாம்' என்ற நம்பிக்கையில் 12ஆம் வாரம் என்றே வைத்திருந்து, 12ஆம் வாரம் வியாழக்கிழமை '15' என்று மாற்றுவார்கள். அதற்குள் சேல்ஸ் அந்த 12-ஐ நம்பி இன்னொருவருக்கு வாக்கு கொடுத்திருக்கும். அப்படிப்பட்ட தாளைவிடத் தாளே இல்லாமல் இருப்பது மேல். வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், நீங்களும் சேல்ஸ் தலைவரும் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை மட்டும் புதுப்பியுங்கள். ஒரு வாரம் நழுவும் என்று தோன்றினால் அன்றே எழுதுங்கள். அப்படி எழுதியதற்காக உங்களை யாரும் கேள்வி கேட்கக் கூடாது, எழுதாமல் விட்டதற்கு மட்டும்தான் கேட்கலாம் என்று உரிமையாளரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சரி, கையெழுத்து விதிக்கு வருவோம். அதை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் ஒரு எல்லைக்கோடு போடுங்கள்: இதற்கு உள்ளே இருந்தால் சேல்ஸ் உங்களைக் கேட்காமலேயே தேதி சொல்லலாம். உங்கள் பட்டியலைப் பார்த்தால் கோடு எங்கே விழ வேண்டும் என்று தெரிகிறது. வழக்கமான ஸ்டாக், கொள்முதல், விற்பனை, கணக்குப் பகுதிகள். மூன்று இடங்கள் வரை. பழைய தரவு எக்செல்லில் இருப்பது. வேறு மென்பொருளோடு இணைப்பு இல்லை. 12-ல் 8 இதற்குள் அடங்கிவிடும். இந்த எட்டுக்கும் உங்கள் கையெழுத்து தேவைப்பட்டதே இல்லை. தாளில் உள்ள தொடக்கத் தேதி, அதோடு 11 வாரம் என்று சேல்ஸே சொல்லியிருக்கலாம். 17, 19, 24 வாரம் எடுத்துக்கொண்ட மூன்றும் கோட்டுக்கு வெளியே இருந்தவை.

கோட்டுக்கு வெளியே இருப்பது மட்டும் உங்களிடம் வரட்டும். வந்தால் இரண்டு வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேள்வி நேராக உரிமையாளரிடம் போய்விடும். வெறும் 'முடியாது' என்பது பதில் ஆகாது. 'ஆகும்', 'இந்த நிபந்தனையோடு ஆகும்', 'இது இந்தத் தேதிக்கு ஆகாது, ஆனால் இவ்வளவு ஆகும்' இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். எடை இயந்திரத்தோடு இணைப்பு, பத்து வருடப் பழைய மென்பொருளிலிருந்து தரவு எடுப்பது போன்றவற்றுக்குப் பார்க்காமல் நாள் குறிக்க யாராலும் முடியாது. அங்கே தேதியே கொடுக்காதீர்கள். கட்டணத்தோடு ஒரு வார ஆய்வு செய்து, அதற்குப் பிறகு தேதி சொல்கிறோம் என்று விற்கலாம். அதற்குப் பணம் கொடுக்க மறுக்கும் வாடிக்கையாளர் பின்னால் எப்படி நடந்துகொள்வார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

வாடிக்கையாளர் தரப்பில் கரையும் அந்த இரண்டரை வாரத்துக்கு ஒப்பந்தத்தில் 'தரவு தாமதமானால் தேதியும் அதே அளவு தள்ளும்' என்று ஒரு வரி போடுவது சரிதான், போடுங்கள். ஆனால் அந்த வரி சண்டையில் உங்களைக் காப்பாற்றுமே தவிர தேதியைக் காப்பாற்றாது. 24 வாரம் ஆன புராஜெக்ட்டைப் பாருங்கள். 5 வாரம் தொடங்கக் காத்திருந்தது, வேலை 10 வாரம், மீதி 9 வாரம் வாடிக்கையாளரின் ஐட்டம் மாஸ்டருக்காக. உங்கள் குறிப்பில், ஒரே போல்ட்டுக்கு நான்கு பெயர், இரண்டு அளவு முறை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஒப்பந்தத்துக்கு முன்பே கண்டுபிடிக்க முடியும். சேல்ஸ்காரர் இரண்டாவது சந்திப்பிலேயே '200 ஐட்டத்தின் பட்டியலை, இப்போது எப்படி வைத்திருக்கிறீர்களோ அப்படியே அனுப்புங்கள்' என்று கேட்கட்டும். உங்கள் ஆள் ஒருவர் அரை மணி நேரம் பார்த்தால் போதும். ஒரே பொருள் இரண்டு வரிகளில் வருகிறதா, அளவுக் கட்டம் காலியாக இருக்கிறதா, கோட் இல்லாத ஐட்டம் எத்தனை. 200-ல் முப்பது நாற்பது வரி அப்படி இருந்தால், வாடிக்கையாளர் பக்க 2 வாரத்தை 5 ஆக்குங்கள், அதற்கான காரணத்தையும் அவர் பட்டியலிலிருந்தே காட்டுங்கள். பட்டியலையே மூன்று வாரம் அனுப்பாமல் இழுத்தடித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

சில வாடிக்கையாளர்களுக்குத் தேதி அசையாது. நிதியாண்டு தொடக்கத்தில் புதிய மென்பொருளில் பில் போட வேண்டும், அதற்கு 10 வாரம்தான் இருக்கிறது என்பார்கள். அங்கே '11-ஐ 10 ஆக்க முடியுமா' என்று உங்கள் டீமை நெருக்குவதுதான் வழக்கம். அந்தக் கேள்வியே தவறு. சேல்ஸ்காரர் கேட்க வேண்டியது, 'அந்தத் தேதியன்று எது ஓடியே ஆக வேண்டும்?' பெரும்பாலும் பதில் சின்னதாக இருக்கும்: விற்பனை பில், கணக்கு. கிடங்கு வாரியான ஸ்டாக், கொள்முதல் ஒப்புதல், அறிக்கைகள் எல்லாம் ஒரு மாதம் பிந்தினாலும் அவர்கள் தொழில் நிற்காது. அப்போது முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று இரண்டு தேதி எழுதி விற்கலாம். வாரத்தைக் குறைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், எதை முதலில் தருவது என்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் வளைந்து கொடுங்கள். இந்த ஒரு கேள்வியை சேல்ஸ்காரர்களுக்குப் பழக்கிவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

காகிதத்தில் இல்லாத வாக்குகள் இன்னொரு தலைவலி. டெமோ நடக்கும்போது 'இதுவும் வருமா?' என்று வாடிக்கையாளர் கேட்பார், 'ஆமா, வரும்' என்று பதில் போகும். அது ப்ரொபோசலில் இருக்காது, வாடிக்கையாளர் மனத்தில் இருக்கும். ஆறாம் வாரம் வெளியே வரும். கையெழுத்துக்கு முன் ஒரு அரை மணி நேர அழைப்பு வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர், விற்றவர், அந்த வேலையைச் செய்யப்போகும் டீம் லீடர் மூவரும் இருக்க வேண்டும். உங்கள் டீம் லீடர் ஒரு பக்கத் தாளை வரி வரியாகப் படித்துவிட்டு, 'இதில் இல்லாத எதையாவது எதிர்பார்க்கிறீர்களா?' என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். சேல்ஸ்காரருக்கு அந்த மௌனம் தாங்காது, இடையில் புகுந்து பேசுவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கமிஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைத் தொடாமல் இது நிற்காது. கையெழுத்தான அன்றே முழுக் கமிஷனும் கொடுக்கப்படுகிறது என்றால், அதற்குப் பிறகு நடப்பதில் விற்றவருக்கு அக்கறை இருக்கக் காரணமில்லை. பல நிறுவனங்கள் இதற்குக் கமிஷனில் ஒரு பகுதியை நிறுத்தி, புராஜெக்ட் உரிய நேரத்தில் முடிந்தால் தருவதாக வைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் டீமில் ஒருவர் வேலையை விட்டுப் போனதால் நான்கு வாரம் தாமதமானால், அதற்கு விற்றவர் ஏன் பணம் இழக்க வேண்டும்? அப்படிச் செய்தால் சேல்ஸ் உங்கள் மீது இன்னும் கோபமாகும். நிறுத்தி வைக்கும் பகுதியை அவர் கையில் இருக்கும் ஒன்றோடு மட்டும் கட்டுங்கள். 40 சதவீதத்தை, வேலை தொடங்கி ஆறாம் வாரம் கொடுக்கலாம். அதுவரை தாளில் இல்லாத எந்த வாக்கும் வாடிக்கையாளரிடமிருந்து வெளிவரக் கூடாது, தொடக்கத் தேதி ஒதுக்கப்படாமல் விற்றிருக்கக் கூடாது. இவை சரியாக இருந்தால், புராஜெக்ட் தாமதமானாலும் அவருக்கு முழுப் பணம். ஈடாக உங்கள் பக்கத்தின் வருடாந்திர மதிப்பீட்டில் அந்த இரண்டு நாள் பதிலும், தாளைப் புதுப்பிப்பதும் சேர வேண்டும். இதை உரிமையாளரிடம் நீங்கள் தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். சேல்ஸின் பணத்தைப் பற்றி டெலிவரி போய்ப் பேசினால் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று உங்களுக்கே தெரியும். சேல்ஸ் தலைவரோடு சேர்ந்து போங்கள்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரே ஒரு கணக்கு போதும்: ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் சொன்ன தேதிக்கும் நடந்த தேதிக்கும் உள்ள வித்தியாசம், வாரத்தில். இரண்டு திசையிலும் பாருங்கள். ஆறில் ஒன்றுக்கு மேல் பிந்தினால் 9 என்ற எண் சின்னது. ஒன்றுகூடப் பிந்தவில்லை, பாதி புராஜெக்ட் இரண்டு வாரம் முன்னாலேயே முடிகிறது என்றால், உங்கள் டீம் சிறப்பாக வேலை செய்கிறது என்று மகிழ்வதற்கு முன், எண்ணில் யாரோ பாதுகாப்புக்காகச் சேர்த்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள். அந்த வாரங்களைக் காரணமாக வைத்து ஏதாவது ஆர்டர் போயிருக்கும். கூடவே, ஆர்டர் போகும்போதெல்லாம் உண்மையில் தேதியால்தான் போனதா, விலையாலா என்று சேல்ஸ் எழுதி வைக்கட்டும். 'உங்களால் ஆர்டர் போகிறது' என்பது எவ்வளவு உண்மை என்று அப்போதுதான் தெரியும். ஓரளவு உண்மையாக இருக்கவும் கூடும், அதற்குத் தயாராக இருங்கள்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும், ஏற்கெனவே 8 வாரம் என்று விற்ற புராஜெக்ட்டுகளை மறக்க வேண்டாம். அவற்றுக்கு ஒரே ஒரு முறை புதிய தேதி கொடுங்கள். இரண்டு வாரம் தள்ளி, அப்புறம் இன்னும் இரண்டு வாரம் தள்ளுவதைத்தான் வாடிக்கையாளர் மன்னிப்பதில்லை. மீதி வேலையைப் பழைய கணக்கோடு ஒப்பிட்டு, தாங்கக்கூடிய தேதியாகக் குறித்து, விற்றவரும் டீம் லீடரும் சேர்ந்தே போய்ச் சொல்லட்டும். எதை முதலில் தர முடியும் என்பதையும் கையோடு கொண்டு போகட்டும்.

வரிசை முக்கியம். கையெழுத்து விதியை நாளைக்கே எடுக்கச் சொல்லாதீர்கள். முதலில் தாளை நிரப்பி, இரண்டு மூன்று வாரம் சேல்ஸ் தலைவரோடு உட்கார்ந்து புதுப்பித்துப் பாருங்கள். தாள் சொல்வதும் நடப்பதும் ஒத்துப்போகிறது என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகு, எல்லைக்கோட்டை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். அதற்குப் பிறகு உரிமையாளரிடம் போய், கோட்டுக்குள் இருப்பவற்றுக்கு என் கையெழுத்து வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். அந்தக் கோரிக்கை உங்கள் வாயிலிருந்து வருவதுதான் சேல்ஸ் தலைவரை மறுபடி உங்களோடு பேச வைக்கும்.